ஊருக்குள் கொசு விடும் அரசாங்கம்

சிங்கப்பூரில் பூந்தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் தண்ணீர் தேங்கி, அதில் கொசுப்புழு நெளிவதைச் சோதனைக்கு வரும் அதிகாரி பார்த்துவிட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம். அந்த விதியைப் பல ஆண்டுகளாகக் கறாராக அமல்படுத்திவரும் தேசியச் சுற்றுப்புற வாரியம்தான் இன்று தெம்பனிஸ், யீஷூன் போன்ற வட்டாரங்களில் காலை வேளையில் ஆட்களை அனுப்பி, அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் மேல்மாடித் தாழ்வாரங்களிலும் உருளை டப்பாக்களைத் திறந்து கொசுக்களைப் பறக்கவிடுகிறது. அவை தற்செயலாகப் பிடித்துவந்த கொசுக்கள் அல்ல. அங் மோ கியோவில் உள்ள ஒரு தொழிற்கூடத்தில் முட்டையிலிருந்து வளர்த்து, எண்ணி, பிரித்து, டப்பாவில் அடைத்து வந்தவை. 2019ல் அந்தக் கூடம் திறக்கப்பட்டபோதே வாரத்துக்கு 50 லட்சம் கொசுக்கள் வரை உற்பத்தி செய்யும் திறன் அதற்கு இருந்தது.

டப்பாவிலிருந்து கிளம்புபவை அத்தனையும் ஆண் கொசுக்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி இனத்தில் மனிதனைக் கடிப்பது பெண் மட்டுமே. முட்டை முதிர்வதற்கு அதற்கு ரத்தம் வேண்டும். ஆணுக்கு அந்தத் தேவை இல்லை. பூந்தேனையும் செடிச் சாற்றையும் குடித்து வாழ்கிறது. உற்றுப் பார்த்தால் ஆளை அடையாளம் கண்டுவிடலாம்: பெண்ணைவிடச் சற்றுச் சிறிய உடல், முகத்துக்கு முன்னால் இறகு விரித்தாற்போல அடர்ந்த உணர்கொம்புகள். அந்த உணர்கொம்புதான் அதன் காது. பெண் கொசுவின் சிறகொலியை அதில் வாங்கிக்கொண்டு தேடிப்போகும். பறக்கவிடப்பட்ட ஆண் உயிரோடு இருக்கும் சில நாட்களில் அதனிடம் எதிர்பார்க்கப்படுவது அந்த ஒரு வேலைதான். பெண்ணைத் தேடிப் பிடித்து இணைய வேண்டும். இணைந்த பிறகு அந்தப் பெண் இடும் முட்டைகள் பொரியாது.

ஏடிஸ் பெண் பெரும்பாலும் வாழ்நாளில் ஒரே முறைதான் இணைகிறது. அப்போது கிடைக்கும் விந்தணுக்களை வயிற்றுக்குள் உள்ள சிறு பைகளில் சேமித்துவைத்து, அதன்பின் ஒவ்வொரு முறை முட்டையிடும்போதும் அந்தச் சேமிப்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே முதல் இணை தவறாக அமைந்துவிட்டால் அந்தப் பெண்ணின் வம்சம் அத்தோடு முடிந்தது.

பூச்சியை வைத்தே பூச்சியை ஒழிக்கும் இந்த யோசனை கொசுவிலிருந்து பிறந்ததல்ல. அமெரிக்காவின் கால்நடைப் பண்ணைகளைச் சீரழித்த ஓர் ஈயிடமிருந்து பிறந்தது. மாட்டின் புண்ணில் முட்டையிட்டு, அதன் புழுக்கள் உயிருள்ள சதையைத் தின்னும் திருகுப்புழு ஈ அது. எட்வர்ட் நிப்லிங் என்ற பூச்சியியலாளர் அந்த ஈயின் பெண்ணும் ஒரே முறைதான் இணைகிறது என்பதைக் கவனித்தார். எக்ஸ் கதிர் பட்டால் பூச்சியின் இனப்பெருக்க அணுக்கள் பாழாகும் என்று ஹெர்மன் முல்லர் 1920களிலேயே பழ ஈயில் காட்டியிருந்தார். இரண்டையும் சேர்த்து, கதிர்வீச்சால் மலடாக்கிய ஈக்களைக் கூட்டம் கூட்டமாகப் பறக்கவிடலாம் என்றார் நிப்லிங். 1954ல் கரீபியக் கடலில் உள்ள குராசாவ் தீவில் சில மாதங்களிலேயே அந்த ஈ இல்லாமல் போனது. அடுத்த அரை நூற்றாண்டில் அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா என்று தெற்கு நோக்கி நகர்ந்த அந்த முயற்சி 2006 வாக்கில் பனாமா வரை எட்டியது.

நிப்லிங் போட்டுக்காட்டிய கணக்கு இன்றும் இந்தத் துறையின் பாலபாடம். ஓர் ஊரில் 10 லட்சம் பெண் பூச்சிகளும் அதே அளவு ஆண்களும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு தலைமுறையிலும் 20 லட்சம் மலட்டு ஆண்களை விடுகிறோம். முதல் தலைமுறையில் ஊர் ஆண் ஒன்றுக்கு மலட்டு ஆண் இரண்டு. மூன்றில் இரண்டு பங்குப் பெண்களின் முட்டை வீண். அடுத்த தலைமுறையில் 3,33,333 பெண்களே மிஞ்சும். இப்போது விடுவதும் அதே 20 லட்சம்தான். ஆனால் விகிதம் ஒன்றுக்கு ஆறாகிவிட்டது. மிஞ்சுவது 47,619. அடுத்து ஒன்றுக்கு நாற்பத்திரண்டு, மிஞ்சுவது 1,107. அதற்கடுத்த தலைமுறையில் ஒன்றுகூட மிஞ்சாது.

பூச்சிமருந்தின் போக்கு இதற்கு நேர்மாறு. பூச்சி நிறைய இருக்கும்போது மருந்து நிறையக் கொல்லும். எண்ணிக்கை குறையக் குறைய, எங்கோ மூலையில் ஒளிந்திருக்கும் கடைசிச் சிலவற்றைத் தேடிக் கொல்வது கடினமாகிக்கொண்டே போகும். மலட்டு ஆண் முறையில் எண்ணிக்கை குறையக் குறைய வேலை சுலபமாகிறது. ஒளிந்திருக்கும் பெண்ணை மனிதன் தேட வேண்டியதில்லை, ஆண் கொசுவே தேடிக்கொள்ளும்.

கணக்கு இவ்வளவு அழகாக இருந்தும் கொசு விஷயத்தில் கதிர்வீச்சு மட்டும் கைகொடுக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பென்சகோலா நகரில் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய ஏடிஸ் ஆண்களை லட்சக்கணக்கில் விட்டுப் பார்த்தார்கள். கொசு குறையவில்லை. ஆணை முழு மலடாக்கும் அளவுக்குக் கதிர்வீச்சு கொடுத்தால் விந்தணு மட்டுமா பாதிக்கப்படுகிறது? உடம்பும் தளர்கிறது. பறக்கும் வலு, பெண்ணைத் துரத்திப் பிடிக்கும் வேகம், வாழ்நாள் எல்லாம் குறைகின்றன. ஊர் ஆணோடு போட்டியிட முடியாத மாப்பிள்ளை எத்தனை லட்சம் வந்தாலும் பயனில்லை. கதிர்வீச்சைக் குறைத்தால் ஆண் திடமாக இருக்கும், ஆனால் முழு மலடாகாது. கொசுவைப் பொறுத்தவரை நடுவில் வசதியான அளவைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

பாஸ்டனில் பார்த்த நுண்ணுயிர்

இன்னொரு வழி, யாரும் தேடாமலே, 1924ல் பாஸ்டனில் கண்ணில் பட்டது. மார்ஷல் ஹெர்டிக், சிமியன் பர்ட் வோல்பாக் இருவரும் சாதாரண வீட்டுக் கொசுவான கியூலெக்ஸின் சூலகத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது, உயிரணுக்களுக்குள்ளேயே ஒரு பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டார்கள். பின்னர் அதற்கு வோல்பாக்கியா என்று பெயர் வைக்கப்பட்டது. இன்று தெரிந்தவரை பூச்சி இனங்களில் ஏறக்குறையப் பாதியில் இது இருக்கிறது. மனிதனுக்கு இது தொற்றுவதில்லை. பூச்சியின் உயிரணுவுக்கு வெளியே இதனால் நெடுநேரம் வாழவும் முடியாது.

தாயின் முட்டை வழியாக மட்டுமே வோல்பாக்கியா அடுத்த தலைமுறைக்குப் போகிறது. ஆண் கொசுவின் உடம்பில் இருக்கும் பாக்டீரியாவுக்கு எதிர்காலமே கிடையாது. ஆகவே பரிணாமப் போக்கில் அது ஒரு தந்திரத்தைப் பெற்றது. ஆணின் விந்தணுவில் ஒரு பூட்டைப் போட்டுவிடுகிறது. அந்தப் பூட்டுக்கான சாவி, அதே வகை வோல்பாக்கியாவைச் சுமக்கும் பெண்ணின் முட்டையில் மட்டுமே இருக்கிறது. சாவி இல்லாத முட்டையில் விந்தணு நுழைந்தால், கருவின் முதல் பிரிவிலேயே தந்தையிடமிருந்து வந்த குரோமோசோம்கள் சிக்கிக்கொள்கின்றன, கரு இறந்துபோகிறது. விந்தணுவை இப்படி மாற்றும் புரதங்களுக்கான மரபணுக்களை 2017ல்தான் ஆய்வாளர்கள் அடையாளம் கண்டார்கள்.

காரணம் தெரிவதற்கு வெகு முன்பே விளைவைப் பயன்படுத்திப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஜெர்மானிய மரபியலாளர் ஹான்ஸ் லாவன், வெவ்வேறு ஊர்களின் கியூலெக்ஸ் கொசுக்களை இணையவிட்டால் சில ஜோடிகளுக்கு மட்டும் குஞ்சே பொரிவதில்லை என்று கவனித்து வந்தார். 1967ல் பர்மாவில் ரங்கூன் அருகே ஓக்போ என்ற சிற்றூரில், உள்ளூர்ப் பெண்களோடு ஒத்துப்போகாத ஆண்களைத் தொடர்ந்து விட்டார். சில தலைமுறைகளுக்குள் அங்கே சேகரித்த முட்டைத் தொகுப்புகள் எதுவுமே பொரியவில்லை. இந்த ஒவ்வாமைக்கு வோல்பாக்கியாதான் காரணம் என்று யென், பார் என்ற இருவர் 1971ல் நிறுவினார்கள்.

ஏடிஸ் எஜிப்டியிடம் இயல்பாக வோல்பாக்கியா கிடையாது. அதனால்தான் இந்த முறை டெங்குக் கொசுவுக்கு உடனே வந்துசேரவில்லை. வேறு பூச்சியிலிருந்து எடுத்த பாக்டீரியாவை, அப்போதுதான் இட்ட கொசு முட்டைக்குள் முடியினும் மெல்லிய கண்ணாடி ஊசியால் செலுத்த வேண்டும். முட்டைகளில் மிகச் சிலவே பிழைக்கும். அவற்றிலும் பாக்டீரியா சூலகம்வரை போய்க் குடியேறுவது மிகமிகச் சில. 2005ல் ஜியோங் ஷி என்ற சீன விஞ்ஞானியும் சகாக்களும் ஆசியப் புலிக்கொசுவில் இயல்பாக உள்ள ஒரு வோல்பாக்கியா வகையை ஏடிஸ் எஜிப்டிக்கு வெற்றிகரமாக மாற்றினார்கள். சிங்கப்பூரில் விடப்படும் ஆண்களின் உடம்பில் இருப்பதும் அந்தப் புலிக்கொசு வகைதான்.

இந்த ஆண்கள் கதிர்வீச்சு படாதவர்கள், திடமானவர்கள். ஊர்ப் பெண்ணிடம் சாவி இல்லாததால் மலட்டுத்தன்மை ஏறக்குறைய முழுமை. அப்படியானால் காரியம் முடிந்ததல்லவா?

தப்பிவரும் பெண்

முடியவில்லை. டப்பாவில் ஆண்களோடு ஒரு பெண் கலந்துவிட்டால் வந்தது ஆபத்து. அவளிடம் சாவி இருக்கிறது. வோல்பாக்கியா உள்ள ஆணோடு இணைந்தாலும் இல்லாத ஆணோடு இணைந்தாலும் அவள் முட்டை பொரியும். குஞ்சுகள் அத்தனையிலும் வோல்பாக்கியா இருக்கும். அவளுக்குப் பக்கத்தில் வாழும் ஊர்ப் பெண்களோ டப்பா ஆண்களால் மலடாகிக்கொண்டிருக்கிறார்கள். போட்டியே இல்லாத இடத்தில் அவள் பரம்பரை தழைக்கும். ஒரு கட்டத்தைத் தாண்டினால் ஊர்க் கொசுக்கள் எல்லாமே வோல்பாக்கியா கொசுக்களாகிவிடும். அதன்பின் தொழிற்கூடம் அனுப்பும் ஒவ்வோர் ஆணும் ஊர்ப் பெண்ணுக்கு நல்ல மாப்பிள்ளை! எத்தனை கோடி விட்டாலும் கொசு குறையாது. முறை வெற்றிபெறும் இடத்தில்தான் இந்த ஆபத்தும் அதிகம். ஏனென்றால் ஊர்ப் பெண்கள் குறையக் குறைய, தப்பிவந்த ஒருத்தியின் பங்கு கூடிக்கொண்டே போகிறது.

சரி, பெண்ணை எப்படிப் பிரிப்பது? கொசு, முட்டையிலிருந்து புழுவாகி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் கமா வடிவக் கூட்டுப்புழுவாகும். ஏடிஸில் பெண் கூட்டுப்புழு ஆணைவிடப் பெரிது. எனவே குறிப்பிட்ட இடைவெளி கொண்ட தகடுகளின் வழியாகவோ சல்லடை வழியாகவோ தண்ணீரோடு ஓடவிட்டால் ஆண்கள் கீழே இறங்கும், பெண்கள் மேலே தங்கும். ஆனால் தீனி குறைந்த தட்டில் வளர்ந்த பெண் சிறுத்துப்போயிருப்பாள். அவளும் ஆண்களோடு நழுவி இறங்கிவிடுவாள். அதனால் ஒவ்வொரு தட்டிலும் ஒரே எண்ணிக்கையில் புழு, ஒரே அளவில் தீனி, ஒரே வெப்பநிலை என்று தொழிற்கூடம் பிடிவாதம் பிடிக்கிறது. அளவு சீராக இருந்தால்தான் சல்லடை வேலை செய்யும். அப்படியும் ஆயிரத்துக்கு இரண்டு பெண்கள் நழுவுவதாக வைத்துக்கொண்டால், வாரம் 50 லட்சம் விடும் திட்டத்தில் வாரந்தோறும் 10,000 பெண்கள் ஊருக்குள் போவார்கள்.

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. சிங்கப்பூர் இரண்டையும் சோதித்தது.

முதல் விடை, பழைய கதிர்வீச்சையே திரும்ப அழைத்துவருவது. ஆனால் இம்முறை அதன் குறி ஆண் அல்ல. கூட்டுப்புழுப் பருவத்தில் ஏடிஸ் பெண், ஆணைவிடக் கதிர்வீச்சுக்கு எளிதில் மலடாகும். எனவே ஆணின் திடத்தைக் குலைக்காத, ஆனால் பெண்ணை மலடாக்கப் போதுமான குறைந்த அளவு எக்ஸ் கதிரை எல்லாக் கூட்டுப்புழுக்களுக்கும் கொடுத்துவிடுகிறார்கள். ஆணை மலடாக்கும் பொறுப்பு வோல்பாக்கியாவுடையது. கண்ணில் படாமல் கலந்துவிட்ட பெண்ணை மலடாக்கும் பொறுப்பு எக்ஸ் கதிருடையது. அவள் ஊருக்குள் போனாலும் கடிப்பாள், சில வாரங்களில் சாவாள், ஆனால் வாரிசு விடமாட்டாள். தனித்தனியே குறைபட்ட இரண்டு முறைகள் ஒன்றின் ஓட்டையை மற்றொன்று அடைத்துக்கொண்டன.

இதைப் பெரிய அளவில் முதலில் காட்டியது சீனாவின் குவாங்சூ நகரம். ஜியோங் ஷியின் குழு 2016லும் 2017லும் ஆற்றுத்தீவுகள் இரண்டில் புலிக்கொசு ஆண்களை விட்டது. எக்ஸ் கதிர் காவல் இருந்ததால் கூட்டுப்புழுக்களை ஆட்கள் மறுபடி ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெண்ணைப் பொறுக்கும் வேலை மிச்சமானது. விடும் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்ட முடிந்தது. உச்சக்கட்டத்தில் ஹெக்டேருக்கு வாரம் 1,60,000 ஆண்கள். 2019ல் 'நேச்சர்' இதழில் வெளியான அறிக்கையின்படி, காட்டுப் பெண் கொசுக்கள் ஆண்டுச் சராசரியில் 83 முதல் 94 சதவீதம்வரை குறைந்தன. சில வாரங்கள் ஒன்றுகூடச் சிக்கவில்லை. ஆனால் முழுதாகத் துடைத்தெடுக்க முடியவில்லை. பாலங்கள், கட்டுமான இடங்கள், வண்டிகள் வழியாக வெளியிலிருந்து புதிய கொசுக்கள் வந்துகொண்டே இருந்தன.

இரண்டாவது விடை, பிரிப்பதையே பிழையில்லாமல் செய்வது. கூகுளின் தாய் நிறுவனத்தைச் சேர்ந்த வெரிலி, கூட்டுப்புழுச் சல்லடைக்குப் பிறகு, வளர்ந்த கொசுக்களை ஒற்றை வரிசையில் நடக்கவைத்துக் கேமரா முன் கடக்கச் செய்தது. உணர்கொம்பின் அடர்த்தியையும் உடலின் அளவையும் படத்தில் பார்த்து ஆண் என்று உறுதியானால்தான் கதவு திறக்கும். கலிபோர்னியாவின் பிரெஸ்னோ அருகே 2018ல் நடந்த சோதனையில், இப்படிப் பிரிக்கும்போது ஒரு பெண் தப்ப வாய்ப்பு ஏறத்தாழ 90 கோடியில் ஒன்று என்று அந்தக் குழு மதிப்பிட்டது. கொசு உச்சத்தில் இருக்கும் காலத்தில் பெண் கொசுக்கள் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தன.

சிங்கப்பூர் தெம்பனிஸில் எக்ஸ் கதிர் வழியையும், யீஷூனில் கேமரா வழியையும் வைத்தது.

பன்னிரண்டு மாடியும் கறுப்புச் சட்டியும்

சமதளத் தீவுக்கும் அடுக்குமாடிக்கும் வித்தியாசம் உண்டு. 2016ல் பிராடல் ஹைட்ஸ், தெம்பனிஸ் வெஸ்ட், நீ சூன் ஈஸ்ட் ஆகிய மூன்று இடங்களில் சிறிய அளவில் திட்டம் தொடங்கியபோதே, கீழே விட்ட ஆண் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் போகும் என்பதுதான் முதல் கேள்வி. ஏடிஸ் நெடுந்தூரம் பறக்கும் கொசு அல்ல. பிறந்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள் வாழ்ந்து முடித்துவிடும். பெண் கொசுவோ பத்தாவது மாடியின் பூந்தொட்டித் தட்டிலும் முட்டையிடுவாள். தரையில் மட்டும் ஆண்களை விட்டால் மேல்மாடிப் பெண்கள் தப்பிவிடுவார்கள். ஆகவே லிப்டில் ஏறிப் பல மாடிகளில் பகிர்ந்து விடும் வழக்கம் வந்தது.

பலன் கிடைக்கிறதா என்பதை எப்படி அறிவது? அடுக்குமாடித் தாழ்வாரங்களில் கறுப்பு நிறச் சட்டி போன்ற பொறிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. தீவெங்கும் அவற்றின் எண்ணிக்கை 50,000க்கும் மேல். அடியில் வைக்கோல் ஊறவைத்த தண்ணீர், உள்சுவரில் பசை. முட்டையிட இடம் தேடும் பெண் கொசு, இருட்டையும் ஊறல் வாடையையும் நம்பி உள்ளே வந்து பசையில் ஒட்டிக்கொள்வாள். வாரந்தோறும் ஒரு பொறிக்கு எத்தனை பெண் என்று எண்ணுகிறார்கள். ஒட்டிய பெண்ணின் உடம்பில் வோல்பாக்கியா இருக்கிறதா என்றும் ஆய்வகத்தில் பார்க்கிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் டப்பாவில் நழுவியவள் என்று விட்டுவிடலாம். அந்த வட்டாரத் தண்ணீரில் எடுத்த புழுவிலும் இருந்தால், வோல்பாக்கியா பரம்பரை ஊருக்குள் வேர்விடத் தொடங்கிவிட்டது என்று பொருள்.

வாரியம் வெளியிட்ட முடிவுகளின்படி, தொடர்ந்து விடப்பட்ட இடங்களில் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் ஏடிஸ் எஜிப்டி 80 முதல் 90 சதவீதம் குறைகிறது. ஓராண்டுக்கு மேல் திட்டம் நடந்த வட்டாரங்களில் வசிப்பவருக்கு டெங்கு வரும் வாய்ப்பு, மற்ற இடத்தவரைவிட ஏறத்தாழ 75 சதவீதம் குறைவு. கொசு குறைந்தால் நோய் குறைந்தே தீரும் என்று எடுத்துக்கொள்ள முடியாது என்பதால், 2022 முதல் வட்டாரங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலவற்றில் கொசு விட்டு, சிலவற்றில் விடாமல், டெங்கு நோயாளிகளின் வீட்டு முகவரியை ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனையும் நடந்தது.

சிங்கப்பூருக்கு இந்த அவசரம் ஏன் என்ற கேள்விக்குப் பதில், அதன் பழைய வெற்றியிலேயே இருக்கிறது. 1970கள் முதல் வீடுவீடாகச் சோதித்து, கொசுப்புழு காணப்படும் வீடுகளை நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கொசு குறைந்ததால் பலருக்கு டெங்கு வந்ததே இல்லை. வந்திராததால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை. எதிர்ப்புச் சக்தி இல்லாத மக்கள் நெருக்கமாக வாழும் ஊரில் வைரஸ் பரவ மிகக் குறைந்த கொசுவே போதும். 2020ல் 35,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. தீவின் வரலாற்றில் அதுவே உச்சம். பூந்தொட்டித் தட்டைக் கவிழ்க்கும் முறை எட்டக்கூடிய எல்லையை எட்டிவிட்டிருந்தது.

நிறுத்தினால் திரும்பும்

நிப்லிங்கின் கணக்கில் நான்கு தலைமுறையில் பூச்சி பூஜ்ஜியமாகிறது. தாழ்வாரத்தில் அப்படி ஆவதில்லை. அதற்கு மூன்று காரணங்கள்.

முதலாவது, பக்கத்து வட்டாரத்துப் பெண். அவள் அங்கேயே இணைந்து, பையில் விந்தணுவைச் சேமித்துக்கொண்டு பறந்து வருகிறாள். இங்கே ஆயிரம் மலட்டு ஆண்கள் காத்திருந்தாலும் அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். அதனால் கொசு விடப்படும் பரப்பின் நடுவில் பலன் நன்றாகவும் ஓரத்தில் மங்கலாகவும் இருக்கும். பரப்பு பெரிதாகப் பெரிதாக, ஓரத்தின் பங்கு குறையும். திட்டத்தைத் துண்டு துண்டாக வைக்காமல் ஒட்டினாற்போல விரிக்க வாரியம் முயல்வது இதற்காகத்தான்.

இரண்டாவது, புழுக்களின் கூட்டம். ஒரு தொட்டித் தண்ணீரில் நூறு புழு நெருக்கியடித்தால் தீனி போதாமல் பல சாகும். முட்டைகளில் பாதி பொரியாமல் போனால் மீதிப் புழுக்களுக்குத் தாராளமாகத் தீனி. எல்லாமே கொசுவாகிவிடக்கூடும். முட்டையில் பாதியை அழித்தால் கொசுவில் பாதி குறையும் என்று எண்ண முடியாது. அதனால்தான் ஊர் ஆண் ஒன்றுக்கு மலட்டு ஆண் இரண்டு என்ற ஏட்டுக் கணக்கு போதாமல், பல மடங்கு கூடுதலாக விடவேண்டியிருக்கிறது.

மூன்றாவது, முட்டை. ஏடிஸ் முட்டை ஈரம் இல்லாமல் தொட்டி விளிம்பில் ஒட்டிக்கொண்டு பல மாதம் உயிரோடு கிடக்கும். மழை வந்து தண்ணீர் ஏறினால் பொரியும். இந்த வாரம் பொறியில் ஒரு கொசுவும் இல்லையென்று கொசு விடுவதை நிறுத்தினால், அடுத்த மழைக்கு அவை எழுந்துவரும்.

ஆகவே வாரத்துக்கு இரண்டு முறை, வருடம் முழுவதும், விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். இது சிகிச்சை முடிந்து மருந்தை நிறுத்தும் காரியமல்ல. திட்டம் 2026க்குள் 8 லட்சம் வீடுகளை, அதாவது தீவில் உள்ள வீடுகளில் ஏறக்குறையப் பாதியை, எட்ட வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பரப்பு பெருகுவதற்கு ஏற்ப வாரந்தோறும் தேவைப்படும் கொசுவும் பெருகும். சல்லடை, எக்ஸ் கதிர், கேமரா, லிப்டில் ஏறும் பணியாளர் என்று செலவும் நிற்காது. சின்னஞ்சிறு, பணக்கார, நெருக்கமான நகரநாட்டுக்கு அது கட்டுப்படியாகிறது.

இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா வேறு வழியில் போனது. அங்கே வேண்டுமென்றே பெண்களும் ஊருக்குள் அனுப்பப்பட்டன. சிங்கப்பூர் எதைத் தடுக்க எக்ஸ் கதிர் கருவி வாங்கியதோ அதையே யோக்யகர்த்தா வரவேற்றது. ஏனெனில் ஏடிஸ் உடம்பில் வோல்பாக்கியா இருந்தால் டெங்கு வைரஸ் அதில் எளிதில் பெருகாது. கொசு குறையாது, ஆனால் நோயைக் கடத்தும் திறன் குன்றும். நகரை 24 பகுதிகளாகப் பிரித்து, பாதியில் மட்டும் வோல்பாக்கியா கொசு முட்டைகளை வீட்டுத் தோட்டங்களில் சிறு வாளிகளில் வைத்தார்கள். 2021ல் வந்த முடிவில் அந்தப் பகுதிகளில் டெங்கு 77 சதவீதமும், டெங்குவால் மருத்துவமனையில் சேர்வது 86 சதவீதமும் குறைவு. சில மாதங்கள் விட்டால் போதும், பிறகு வோல்பாக்கியா தானே நிலைத்துவிடும். செலவு ஒருமுறைதான். ஆனால் கொசுக்கடி அப்படியே இருக்கும். விடும் காலத்தில் கூடவும் செய்யும். வேண்டாமென்று முடிவெடுத்தால் திரும்ப அழைப்பதும் கடினம். சிங்கப்பூர் முறையில் டப்பா திறப்பதை நிறுத்தினால், பெண் தப்பாதவரை, வோல்பாக்கியாவும் மறைந்துவிடும்.

டெல்லியும் புதுச்சேரியும்

இந்தியாவுக்கு இது புதிய விஷயம் அல்ல. உலக சுகாதார நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் டெல்லியில் கொசு மரபியல் கட்டுப்பாட்டுப் பிரிவு ஒன்றை நடத்தின. அமெரிக்கப் பணத்தில் நடந்த அந்தப் பிரிவு, டெல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மருந்தால் மலடாக்கிய கியூலெக்ஸ் ஆண்களையும், லாவன் காட்டிய வழியில் ஒத்துப்போகாத ஆண்களையும் விட்டுப் பார்த்தது. அங்கே தடையாக நின்றதும், பக்கத்துக் கிராமத்திலிருந்து இணைந்து வந்த பெண் கொசுதான். அடுத்து ஹரியானாவின் சோனேபட்டில் ஏடிஸ் சோதனைக்கு ஆயத்தம் நடந்தபோது, உயிரியல் போருக்கான தகவல் சேகரிப்பு இது என்று பத்திரிகைகளில் குற்றச்சாட்டு கிளம்பியது. நாடாளுமன்றத்தின் பொதுக்கணக்குக் குழு 1975ல் கடுமையான அறிக்கை அளித்தது. சோதனை தொடங்குமுன்னே கைவிடப்பட்டது, பிரிவும் மூடப்பட்டது. பல ஆண்டுகளுக்கு இந்தியாவில் இந்தத் துறை பக்கம் யாரும் தலைவைத்துப் படுக்கவில்லை.

புதுச்சேரியில் உள்ள மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் அதன்பின் மெல்ல வேறு பாதையில் நடந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வோல்பாக்கியா ஏடிஸை உள்ளூர் ஏடிஸோடு தலைமுறை தலைமுறையாகக் கலந்து, பாக்டீரியா வெளிநாட்டுடையது, மற்றபடி கொசு புதுச்சேரிக் கொசு என்னும்படியாக இரண்டு கூட்டங்களை உருவாக்கியிருப்பதாக 2022ல் அறிவித்தது. ஒன்றில் பழ ஈயிலிருந்து வந்த வோல்பாக்கியா, மற்றொன்றில் சிங்கப்பூர் பயன்படுத்தும் அதே புலிக்கொசு வகை. இரண்டையும் வைத்திருப்பதற்குப் பொருள் இருக்கிறது. பழ ஈ வகை கடும் வெப்பத்தில் குன்றிவிடும். கத்திரி வெயிலில் சிமெண்ட் தொட்டித் தண்ணீர் சூடேறும்போது அது புழுவின் உடம்பிலிருந்தே காணாமல் போகக்கூடும். புலிக்கொசு வகை அந்த வெப்பத்தை இன்னும் தாங்கும்.

அந்த மையம் திட்டமிடுவது யோக்யகர்த்தா முறையை. அதாவது பெண் கொசுக்களை ஊருக்குள் விடுவதை. கூடத்திலிருந்து வெளியே விட அரசின் பல துறைகளின் ஒப்புதல் வேண்டும் என்று அறிவிப்பின்போதே மையம் சொன்னது. கடிக்காத ஆணை விடுவதற்கு ஒப்புதல் கேட்பது ஒன்று. கடிக்கும் பெண்ணை உங்கள் தெருவில் விடுகிறோம், சில மாதம் கொசு கூடுதலாக இருக்கும், பிறகு டெங்கு குறையும் என்று வீடுவீடாகச் சொல்லிச் சம்மதம் வாங்குவது இன்னொன்று. சோனேபட்டில் நடந்ததை அறிந்தவர்களுக்கு எந்த வேலை அதிக நாள் பிடிக்கும் என்பது தெரியும்.